377 போய்விட்டது, திருமணம் ஏன் இன்னும் இல்லை?

தெற்குவாசல்: 2018ல் உச்ச நீதிமன்றம், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின்படி ஒரே பாலின உறவு இனி குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. அதே நீதிமன்றம் 2023ல் கல்யாணம் கிடையாது என்கிறது. குற்றமில்லாத உறவைப் பதிவு செய்ய என்ன தடை?

சேலம்ராஜா: ஒரு செயல் குற்றமில்லை என்றால் போலீஸ் பிடிக்காது, அவ்வளவுதான் பொருள். அதற்காக அரசாங்கம் அதைப் பதிவு செய்து சான்றிதழ் தர வேண்டும் என்று எங்கே இருக்கிறது? திருமணச் சட்டம் எழுதுவது நாடாளுமன்றத்தின் வேலை, நீதிபதிகளின் வேலை இல்லை. சேர்ந்து வாழ்கிறவர்கள் உயில் எழுதிக்கொள்ளட்டும், பவர் கொடுத்துக்கொள்ளட்டும், வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கட்டும். திருமணத்தில் கிடைக்கிற எல்லாமே அதில் வந்துவிடும்.

வழக்குநித்யா: ராஜா சார், உங்கள் பதிலில் முதல் பாதி சரி, உயில் பவர் விஷயம் சரியில்லை. முதலில் கேள்விக்கு வருகிறேன். 377ஆம் பிரிவின்படி பத்து ஆண்டு வரை, ஏன் ஆயுள் வரைகூடத் தண்டிக்க முடிந்தது. நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் 2018 செப்டம்பர் 6ஆம் தேதி நீதிமன்றம் செய்தது, மனமொத்த பெரியவர்களை அதிலிருந்து விலக்கியதுதான். அரசு தன் கையை எடுத்துக்கொள்ள வேண்டும், வேறு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

2023ல் சுப்ரியோ வழக்கில் கேட்டது அப்படி இல்லை. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் மாப்பிள்ளைக்கு 21, பெண்ணுக்கு 18 என்று வயது எழுதியிருக்கிறது, கணவன் மனைவி என்ற சொற்கள் சட்டம் முழுக்க ஓடுகின்றன, அங்கிருந்து சொத்துரிமைச் சட்டத்துக்கும் ஜீவனாம்சத்துக்கும் நூல் போகிறது. ஒரு இழையை இழுத்தால் பத்துச் சட்டங்களைத் திருத்தி எழுத வேண்டும், அதை நாங்கள் செய்ய முடியாது என்றார்கள் நீதிபதிகள். திருமணம் செய்துகொள்வது அரசியல் சட்டம் தரும் அடிப்படை உரிமை இல்லை என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்றாகவே இருந்தார்கள். இந்த இணைகளின் உறவை அரசு ஏதாவது ஒரு வடிவத்தில் அங்கீகரித்தே ஆக வேண்டுமா என்பதில்தான் பிளவு. சந்திரசூட்டும் கவுலும் ஆம் என்றார்கள், மற்ற மூவரும் இல்லை என்றார்கள்.

இனி உங்கள் உயில், பவர் யோசனை. இரண்டு பெண்கள் இருபது வருடம் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், வீடு ஒருத்தி பேரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பவர் பத்திரம் எழுதியவர் இறந்த நிமிடமே செல்லாமல் போகும், எப்போது தேவையோ அப்போது உதவாது. உயில் இல்லாமல் அவர் இறந்தால் இந்து வாரிசுச் சட்டப்படி வீடு பெற்றோருக்கு, அவர்கள் இல்லையென்றால் அப்பா வழியில் உடன்பிறந்தவர்களுக்குப் போகும். உயில் எழுதினால் வீடு காப்பாற்றப்படும், ஆனால் அண்ணன் வழக்குப் போட்டால் வருடக்கணக்கில் நடக்க வேண்டும். உயிருடன் இருக்கும்போதே பணமாகக் கொடுத்தால் வருடத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டியதும் வாங்குபவரின் வருமானமாகக் கணக்கிட்டு வரி போடுவார்கள். கணவன் மனைவிக்குள் அந்த வரி இல்லை. குடும்ப ஓய்வூதியத்தை உயிலில் எழுதவே முடியாது. காப்பீட்டில் நாமினி என்று பெயர் போடலாம்தான், ஆனால் பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் என்றால்தான் நாமினிக்கே பணம் சொந்தம். மற்றவர் வாங்கி வைத்திருப்பவர்தான், வாரிசுகள் கேட்டால் கொடுக்க வேண்டும்.

கருப்பட்டி: தூத்துக்குடியில் 2019லேயே திருமணத்தைப் பதிவு செய்யச் சொல்லி மதுரைக் கிளை உத்தரவு போட்டதே! அருண்குமார், ஸ்ரீஜா வழக்கு. பிறகு ஏன் இல்லை இல்லை என்கிறீர்கள்?

வழக்குநித்யா: அது வேறு வழக்கு தம்பி. மணப்பெண் திருநங்கை. திருநங்கையும் இந்துத் திருமணச் சட்டம் சொல்லும் மணமகள்தான் என்று நீதிபதி சாமிநாதன் தீர்ப்பளித்தார். சட்டத்தின் பார்வையில் அது ஆணும் பெண்ணும் செய்த திருமணம். சுப்ரியோ தீர்ப்பும் அதை ஒப்புக்கொண்டது. இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ அந்த வழியில் போக முடியாது.

ஜூரோங்வாசி: சிங்கப்பூரிலிருந்து ஒரு வார்த்தை. இங்கே 377ஏ 2023 ஜனவரியில்தான் நீங்கியது. அதோடு சேர்த்தே அரசியல் சட்டத்தில் 156ஆம் பிரிவைப் புகுத்தினார்கள். திருமணம் என்றால் என்ன என்று நாடாளுமன்றம் வரையறுக்கும், அடிப்படை உரிமையைக் காட்டி அதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது. ஒரு கதவைத் திறக்கும் நாளிலேயே அடுத்ததைப் பூட்டினார்கள். மணமான தம்பதி 21 வயதில் வீட்டு வாரிய வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், என் நண்பனும் அவன் துணையும் தனி ஆட்கள் என்பதால் 35 வரை காத்திருக்க வேண்டும்.

மாடிவீடு: என் கதையைச் சொல்கிறேன். என் துணைவி 2019ல் தனிப்பெண் என்ற முறையில் ஒரு குழந்தையைத் தத்தெடுத்தாள். காகிதத்தில் நான் யாருமில்லை. பள்ளியில் அப்பா பெயர் என்று ஒரு கட்டம், அம்மா பெயர் என்று ஒரு கட்டம், என்னை எழுத இடமில்லை. போன வருடம் குழந்தைக்குக் காய்ச்சல் அதிகமாகி ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தபோது அவள் ஊரில் இல்லை. கையெழுத்துப் போட நான் யார் என்று கேட்டார்கள், அவள் போனில் பேசியும் மேலாளர் வரும் வரை காக்க வைத்தார்கள். எங்களை யாரும் கைது செய்யப் போவதில்லை என்று தெரியும், ஆனால் அந்த ராத்திரி அது எனக்கு எதற்கும் உதவவில்லை.

சேலம்ராஜா: அம்மா, உங்கள் கஷ்டம் புரிகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தத்து விஷயத்தில் குழந்தையின் நலன்தான் முதலில். தம்பதிக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு நிலையான திருமண வாழ்க்கை வேண்டும் என்று விதி இருக்கிறது. திருமணம் முறிந்தால் யார் பொறுப்பு, யார் செலவுக்குக் கொடுப்பது என்று சட்டம் சொல்லும். திருமணமே இல்லாதவர்கள் பிரிந்தால் குழந்தைக்கு அந்தப் பாதுகாப்பு எங்கே? 2023ல் பெரும்பான்மை நீதிபதிகள் அந்த விதியை விட்டுவைத்ததற்கு இதுதான் காரணம்.

வழக்குநித்யா: அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த விதியை வைத்திருக்கும் காரா என்ற மத்திய அரசின் தத்து அமைப்பே தனி ஆளுக்கும் தத்து கொடுக்கிறது, தனிப் பெண்ணுக்கு ஆண் குழந்தையும் பெண் குழந்தையும் கிடைக்கும். 2022ல் ஒரு சுற்றறிக்கை வந்தது: உடன் வாழும் துணை இருக்கும் தனிநபர் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வேண்டாம் என்று. ஒருவர் தனியாக வளர்த்தால் சரி, இருவர் சேர்ந்து வளர்த்தால் கூடாது! குழந்தையின் பக்கம் நின்று பார்த்தால் இரண்டாவது ஆளையும் சட்டத்தால் கட்டிப்போடுவதுதானே பாதுகாப்பு?

தெற்குவாசல்: சரி, பாகுபாடு பற்றி யாரும் பேசவில்லையே. வீடு கொடுக்க மாட்டேன், வேலை தர மாட்டேன் என்றால் 2018 தீர்ப்பைக் காட்டலாமா?

வழக்குநித்யா: அரசு வேலை என்றால் காட்டலாம். பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்னும் 15ஆம் பிரிவில் பாலியல் நாட்டமும் அடங்கும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. ஆனால் அந்தப் பிரிவு பெரும்பாலும் அரசைத்தான் கட்டுப்படுத்தும். தனியார் கம்பெனியும் வீட்டுக்காரரும் அதில் வரமாட்டார்கள். மனநலச் சட்டம் 2017 சிகிச்சையில் பாலியல் நாட்டத்தின் பேரில் பாகுபாடு கூடாது என்று எழுத்தில் சொல்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் திருநர்களுக்கு வேலையிலும் வாடகை வீட்டிலும் பாதுகாப்பு தருகிறது. தன்பாலீர்ப்பாளர்களுக்கு அப்படி ஒரு சட்டம் எழுதப்படவில்லை. திருமணம் நாளைக்கே வந்தாலும் வாடகைக்கு வீடு கிடைக்க அது போதாது, அது மூன்றாவது வேலை.

சேலம்ராஜா: மத்திய அரசு அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் குழு போட்டது. 2024ல் ரேஷன் அட்டையில் ஒரே குடும்பமாகச் சேர்க்கலாம், கூட்டுக் கணக்குக்குத் தடையில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். படிப்படியாக வருவதுதான் நல்லது.

மாடிவீடு: கூட்டுக் கணக்கு எங்களுக்கு முன்பே இருந்தது அண்ணா, இரண்டு தோழிகள்கூடத் தொடங்கலாம். 2025 ஜனவரியில் மறுசீராய்வு மனுவையும் தள்ளிவிட்டார்கள். நித்யா, அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் குழந்தை என்னிடம் இருக்க இப்போதே என்ன எழுதி வைக்கலாம்?

வழக்குநித்யா: உயிலில் உங்களைப் பாதுகாவலர் என்று அவர் எழுதி வைக்கட்டும், இரண்டு சாட்சி கையெழுத்தோடு. பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு நீங்கள் கட்டிய ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். அவர் வீட்டார் எதிர்த்தால் முடிவு நீதிமன்றத்தின் கையில்தான், குழந்தை யாரிடம் வளர்ந்தது என்பதை அங்கே பார்ப்பார்கள். உறுதி தர என்னால் முடியாது.