புதுப்பிப்பு: ரவுட்டரை அணைத்தும் ஓடிய வைஃபை

“வேளச்சேரியில் எங்கள் ரவுட்டரை அணைத்த பிறகும் என் கைப்பேசியில் வைஃபை எப்படி வேலை செய்கிறது?”

காரணம் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே பணியாளர் இணைப்பு கொடுத்தபோது, இரண்டு ரவுட்டர்களுக்கும் `HOME` என்ற பெயரையும் ஒரே கடவுச்சொல்லையும் வைத்திருக்கிறார். பெயரும் பாதுகாப்பு வகையும் கடவுச்சொல்லும் ஒன்றாக இருந்தால், கைப்பேசி இரண்டையும் ஒரே வலையமைப்பாக எண்ணி, பெரும்பாலும் சிக்னல் வலுவாக உள்ள பக்கம் சேர்ந்துகொள்ளும் என்று நெட்வொர்க் வேலையில் இருக்கும் அண்ணன் ஒருவர் இங்கே விளக்கினார். எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவர்கள் ரவுட்டர் இருக்கிறது.

கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் போதும் என்று இன்னொருவர் சொன்னதைச் செய்தேன். அது பாதிதான் சரி: கைப்பேசியில் பழைய கடவுச்சொல்லே சேமிப்பில் இருந்ததால், எங்கள் ரவுட்டர் அதை ஏற்க மறுக்க, கைப்பேசி முழுநேரமும் எதிர்வீட்டிலேயே தங்கிவிட்டது.

பிறகு ரவுட்டரின் பெயரை `VLC-2B-veedu` என்று மாற்றி, ஒவ்வொரு கைப்பேசியிலும் பழைய `HOME` பதிவை நீக்கினேன். எதிர்வீட்டு அக்காவிடமும் விஷயத்தைச் சொல்லி, அவர்கள் கடவுச்சொல்லையும் மாற்றச் செய்தேன். எங்கள் பிரிண்டர் மட்டும் இன்னும் புதிய பெயரில் சேரவில்லை.