மழையில் மாட்டிக்கொண்டு ஆபீசுக்கு அனுப்பிய மெசேஜ்: உங்களுக்கு என்ன நடந்தது?

வியாசர்பாடிக்காரி
கணேசபுரம் சப்வேயில் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன மழையில் போலீஸ் தடுப்பு வைத்து மூடிவிட்டார்கள். பின்னால் ஹார்ன், கையில் குடை. மேனேஜருக்கு "சார் சப்வேல தண்ணி, லேட் ஆகும்" என்று அனுப்பினேன். "ஓகே" என்று பதில் வந்தது.

பத்தரைக்கு லாரி கிளம்ப வேண்டும், இ-வே பில் போடுவது நான். நான் போய்ச் சேரும்போது பன்னிரண்டு ஆகப்போகிறது. டிரைவர் வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்கிறார். மேனேஜர் என்னைப் பார்த்து, "லேட்டுன்னுதானே சொன்ன, லாரி நிக்கும்னு சொல்லலையே" என்றார். அது இன்னும் உறுத்துகிறது. அவர் தென்சென்னைக்காரர். சப்வே மூடினால் எவ்வளவு சுற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியாது.

அன்று இரவே அதை மாற்றி எழுதிப் போனில் சேமித்துவிட்டேன்: "சார், கணேசபுரம் சப்வே மூடிவிட்டார்கள். பேசின் பிரிட்ஜ் பக்கமாகச் சுற்றி வருகிறேன். 11.30க்கு முன் வர முடியாது. 10.30 லாரிக்கு இ-வே பில் போட வேண்டும், இன்வாய்ஸ் என் மேஜை வலது டிராயரில் இருக்கிறது. ஸ்டோர்ஸ் அண்ணனிடம் சப்-யூசர் லாகின் உண்டு, அவரைப் போடச் சொல்லுங்கள். பத்து மணிக்கு மறுபடி கூப்பிடுகிறேன்."

எச்.ஆர். பக்கம்
இரண்டாவது மெசேஜ் அருமை. அதில் "11.30க்கு முன் வர முடியாது" என்ற வரிதான் முக்கியம். "சீக்கிரம் வந்துடுறேன்" என்று வந்தால், படிப்பவர் அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வார். எவ்வளவு தாமதமாகலாம் என்று தோன்றுகிறதோ, அந்தக் கடைசி நேரத்தையே சொல்லுங்கள்.

ஆனால் வாட்ஸ்அப்பில் சொன்னது மாதக் கடைசியில் சம்பளம் போடுபவருக்குத் தெரியாது. அவர் பார்ப்பது பஞ்ச் நேரத்தை மட்டும். எங்களிடம் ஒருவர் "ட்ரெயின் நின்னுடுச்சு சார், ஆன் தி வே" என்று டீம் குரூப்பில் போட்டதோடு விட்டுவிட்டார். அரை நாள் சம்பளம் போனது. நான் கேட்ட பிறகு அவர் எழுதித் தந்த மெயில் இது: "இன்று தண்டவாளத்தில் தண்ணீர் நின்றதால் மின்சார ரயில் சைதாப்பேட்டையில் நிறுத்தப்பட்டது. 9.05க்கு டீம் லீடருக்குத் தகவல் கொடுத்தேன். பஸ் பிடித்து 11.10க்கு வந்தேன். ஒரு மணி நேரத்தைப் பர்மிஷனாகவும் மீதியை மாலை கூடுதலாக இருந்தும் ஈடு செய்ய அனுமதி வேண்டும்." என்ன வேண்டும் என்று கேட்டிருந்ததால் என்னால் உடனே திருத்த முடிந்தது.

நேர்மையா பேசுவோம்
எதற்கு இத்தனை விளக்கம்? கலெக்டர் லீவு விட்டால் சம்பளம் பிடிக்கவே கூடாது. மிக்ஜாம் புயலில், 2023 டிசம்பர் 4 அன்று, பொது விடுமுறையே விட்டார்கள். மழைக்கு நாம் எதற்கு அனுமதி கேட்க வேண்டும்?

எச்.ஆர். பக்கம்
அன்று சென்னை உள்ளிட்ட நான்கு மாவட்டங்களுக்குப் பொது விடுமுறை விட்டது உண்மை. ஆனால் வழக்கமாக மழைக்குக் கலெக்டர் விடும் லீவு பள்ளி, கல்லூரிக்குத்தான். அதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

நைட் ஷிப்ட் நர்ஸ்
நீங்கள் சம்பளத்தைப் பேசுகிறீர்கள். எங்களுக்கு மேனேஜர் பிறகுதான். வார்டில் யார் நமக்காகக் காத்திருக்கிறாரோ அவருக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வாட்ஸ்அப்பில் "அக்கா வர முடியல" என்று அனுப்பினேன். டவர் இல்லை, ஒரே டிக்கில் நின்றுவிட்டது. மறுநாள் போனபோது அந்த அக்கா வீங்கிய காலை ஸ்டூலில் வைத்துக்கொண்டு கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அப்புறம் நான் எப்போதும் எஸ்.எம்.எஸ்.ஸும் சேர்த்து அனுப்புவேன், டேட்டா இல்லாவிட்டாலும் அது சில நேரம் போய்விடும். பதில் வராவிட்டால் வார்டு லேண்ட்லைனுக்கு அடிப்பேன்.

வேளச்சேரி அப்பா
எல்லாரும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள், பேச்சே வராது. ஆனால் அதற்காகத் தண்ணீருக்குள் இறங்காதீர்கள், மேன்ஹோல் திறந்திருக்கும். பைக்கை ஆஃப் செய்து தள்ளுங்கள். தண்ணீரில் நின்றுபோன வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது, இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறும், செலவு தாங்காது. மழை அறிவிப்பு வந்ததும் காரை மேடான இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். 2024 அக்டோபரில் எங்கள் மேம்பாலம் முழுக்கக் கார்தான், நானும் அங்கேதான் விட்டேன்.

வியாசர்பாடிக்காரி
அண்ணா, எனக்கு வண்டியே இல்லை, ஷேர் ஆட்டோ.

எச்.ஆர். அவர்களே, ஒரு கேள்வி. எங்கள் ஆபீசில் பர்மிஷன் கிடையாது, பத்து நிமிடம் தாண்டினாலே அரை நாள். அன்று சாயங்காலம் ஏழரை வரை இருந்து வேலையை முடித்தேன், அப்படியும் பிடித்துவிட்டார்கள். இதற்கு மெயில் எப்படி எழுதுவது?