பாம்பன் பக்கம் இரவு 1 முதல் 3 மணிக்குக் கால் டிராப் எகிறுகிறது, காரணம் என்ன?

பாம்பன்_பதிவு:
அவசரம், நாளை அறிக்கை கொடுக்க வேண்டும். ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன் கோபுரச் செல்களின் மார்ச், ஏப்ரல் பதிவு கையில் இருக்கிறது. மணிவாரியாக டிராப் சதவீதத்துக்குச் சராசரி எடுத்தேன். கடலைப் பார்த்த செல்களில் இரவு 1 முதல் 3 வரை 11, 12 சதவீதம் வருகிறது. ஊருக்குள் 1தான். சிக்னல் சராசரி -96, மோசமில்லை. இரவில் கரண்ட் போய் பேட்டரி இறங்குகிறதா?

உச்சிப்புளி_டவர்:
கரண்ட் இல்லை தம்பி, கடல்காற்று. வெயில் காலத்தில் கடல் மேல் ஈரக்காற்று ஓர் அடுக்காக நிற்கும். அதற்குள் அலை வளைந்து வெகுதூரம் ஓடும். எங்கோ இருக்கும் கோபுரத்தின் சிக்னல் இங்கே வந்து மோதும். அளவு நன்றாக இருந்தும் தரம் விழுந்தால் அதுதான். நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கீழக்கரை_ராஜா:
தனுஷ்கோடி போனாலே என் போன் இலங்கை நெட்வொர்க்குக்குத் தாவிவிடும். நெட்வொர்க்கை மேனுவலில் வையுங்கள், சரியாகிவிடும்.

பழைய_கை:
அவர் கேட்டது போன் பற்றி அல்ல. 4ஜியா 2ஜியா, மணிக் கோப்பா 15 நிமிடக் கோப்பா, நேரம் எந்த மண்டலத்தில் என்று எழுதாமல் இங்கே கேள்வி போடக் கூடாது. எத்தனை முறை சொன்னாலும் புதியவர்களுக்கு இது ஏறுவதில்லை.

மண்டபம்_செல்வி:
தம்பி, ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். மொத்தக் கால் எந்த மணிக்கு அதிகம், எந்த மணிக்குக் குறைவு?

பாம்பன்_பதிவு:
4ஜி, 15 நிமிடக் கோப்பு. அதிகம் மதியம் 1, 2 மணி. குறைவு இரவு 9, 10 மணி.

மண்டபம்_செல்வி:
இரவு 9 மணிக்கு எந்த ஊரும் அடங்கிப் போகாது. உங்கள் கோப்பு யூடிசியில் இருக்கிறது, நம் நேரத்தில் இல்லை. ஐந்தரை மணி கூட்டுங்கள். மதியம் 1, 2 என்பது மாலை ஆறரை, ஏழரை. உங்கள் இரவு 1 முதல் 3 என்பது காலை ஆறரை முதல் எட்டரை. ராமேஸ்வரம் துறையில் விசைப்படகுகள் டோக்கன் வாங்கிக் கிளம்பும் நேரம்.

15 நிமிடக் கோப்பு இருப்பது நல்லதாகப் போயிற்று. மணிக் கோப்பாக இருந்தால் அரை மணி எப்போதும் இடறும்.

அடுத்தது சராசரி. ஒரு நாள் 9 காலில் 2 அறுந்தால் 22 சதவீதம். மறுநாள் 410 காலில் 4 என்றால் 1 சதவீதம். இரண்டுக்கும் சராசரி போட்டால் 11.6 வரும். உண்மையில் 419 காலில் 6, அதாவது 1.4தான். முதலில் கூட்டுங்கள், பிறகு வகுங்கள்.

```python
df["t"] = pd.to_datetime(df["t"], utc=True).dt.tz_convert("Asia/Kolkata")
g = df.groupby(["cell", df["t"].dt.hour])[["drops", "calls"]].sum()
g["dcr"] = 100 * g["drops"] / g["calls"]
```

அப்புறம் போன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காட்டும் `TA` பாருங்கள். 4ஜியில் ஒரு படி சுமார் 78 மீட்டர். 150 என்றால் போன் கோபுரத்திலிருந்து கிட்டத்தட்ட 11.7 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. கடலைப் பார்த்த செல்லில் அந்தத் தூரம் தண்ணீர்தான். -96 என்ற சராசரியில் கரையில் நிற்பவரும் படகில் போகிறவரும் கலந்துவிடுகிறார்கள். -110க்குக் கீழே எத்தனை பங்கு என்று எண்ணுங்கள்.

உச்சிப்புளி_டவர்:
காற்றடுக்கை அப்படித் தள்ளிவிட முடியாது. விடிந்த பிறகும் அது சில மணி நேரம் நிற்கும்.

மண்டபம்_செல்வி:
தள்ளவில்லை அண்ணே. பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் தடைக்காலம், விசைப்படகு போகாது. படகுதான் காரணம் என்றால் அன்றிலிருந்து உச்சம் சரிய வேண்டும். காற்றடுக்கு என்றால் வெயில் ஏற ஏறக் கூடத்தான் செய்யும். மார்ச்சில் திங்கள், புதன், சனியைத் தனியாக எடுத்தாலும் தெரியும், விசைப்படகு போகும் நாட்கள் அவைதான்.

பழைய_கை:
கடலுக்குள் போய் அறுந்த காலைக் கோபுரத்தின் கணக்கில் எழுதுவதே தவறு. கோபுரம் கரைக்குப் போட்டது.

தங்கச்சிமடம்_மீனவன்:
ஐயா, என் அப்பா படகில் போகிறவர். கரையை விட்டு ஒரு மணி நேரம் வரைக்கும் வீட்டோடு பேச அந்தச் சிக்னல்தான். அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் அங்கே ஆளே இல்லை என்று ஆகிவிடும். நாட்டுப்படகுக்காரர்கள் மற்ற நாட்களிலும் போகிறார்கள், அவர்களையும் பாருங்கள்.

பழைய_கை:
தனியாகக் காட்டலாம். ஊர்க் கணக்கோடு கலக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

மண்டபம்_செல்வி:
அது சரி. `TA` வைத்து இரண்டு வரிசையாகக் கொடுக்கலாம். ஆனால் அழைப்பே கிடைக்காதவர்கள் டிராப் கணக்கில் வருவதில்லை, அதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

பாம்பன்_பதிவு:
செய்தேன். கூட்டி வகுத்ததும் 12 என்பது 4 ஆனது. காலை 7 மணி உச்சம் திங்கள், புதன், சனியில்தான். ஏப்ரல் 15க்குப் பிறகு மூன்று செல்களில் விழுந்துவிட்டது. மன்னார் வளைகுடா பக்கம் பார்த்த ஒன்றில் மட்டும் விழவில்லை, அங்கே `TA` எல்லாம் 20க்குள். அறிக்கை அனுப்பிவிட்டேன். நன்றி அக்கா.

உச்சிப்புளி_டவர்:
அந்த ஒரு செல்லில் சிக்னலின் தரத்தைக் காட்டும் ஆர்எஸ்ஆர்க்யூவைப் போடு தம்பி. மணிவாரியாக.