192.168.10.0/22 என அமைத்த பிறகு 12, 13 வரிசை முகவரிகள் கேட்வேயை எட்டவில்லை

ஆய்வகப் பொறுப்பாளர்

எங்கள் கல்லூரியின் கணினி ஆய்வகங்கள் அனைத்தும் இதுவரை 192.168.10.0/24 என்ற ஒரே வலையமைப்பில் இயங்கி வந்தன; கேட்வே 192.168.10.1. அதிலிருந்த 254 முகவரிகளும் தீர்ந்துவிட்டன. /22 என்றால் 1022 கருவிகளுக்கு இடம் கிடைக்கும் என்பதால், மூன்றாம் எண் 10, 11, 12, 13 ஆகிய நான்கும் ஒரே வலையமைப்பாகிவிடும் என்று கருதி, ரூட்டரில் மாஸ்க்கை 255.255.252.0 என மாற்றினேன். ரூட்டர் மறுப்பேதும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. ஆனால் லினக்ஸ் சர்வரில் உள்ள டிஎச்சிபி சேவை தொடங்கவே மறுத்து, பின்வருமாறு கூறுகிறது:

```
subnet 192.168.10.0 netmask 255.255.252.0: bad subnet number/mask combination.
```

சில விண்டோஸ் கணினிகளில் முகவரியைக் கையால் இட்டுப் பார்த்தேன். 192.168.11.20 என இட்ட கணினியில் இணையம் வருகிறது. 192.168.12.20 என இட்டால், கேட்வே இதே சப்நெட்டில் இல்லை என்று விண்டோஸ் எச்சரிக்கிறது. அதையும் மீறிச் சேமித்தால் கேட்வேக்குப் பிங் போகவில்லை. மாஸ்க் எல்லாவற்றிலும் ஒன்றுதான். பிழை ரூட்டரிலா, சர்வரிலா?

எட்டுத்துளை

இரண்டிலும் பிழை இல்லை. /22 என்றால் 32 பிட்டுகளில் 22 போக மீதம் 10. 2^10 என்பது 1024. அதில் முதலும் கடைசியும் கழிந்தால் 1022. அதுவரை உங்கள் கணக்குச் சரிதான். ஆனால் இந்த வலையமைப்பின் முகவரி 192.168.8.0 ஆகும், 192.168.10.0 அன்று. டிஎச்சிபி அமைப்பில் 8.0 என மாற்றுங்கள், சேவை தொடங்கிவிடும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: 0 என்றும் 255 என்றும் முடியும் முகவரிகளை எந்தக் கருவிக்கும் கொடுக்கக் கூடாது. எனவே உண்மையில் கிடைப்பவை 1022 அல்ல, நான்கு முறை 254, அதாவது 1016தான்.

பழைய சுவிட்ச்

8.0 என மாற்றினால் சேவை தொடங்கும் என்பது உண்மையே. ஆனால் 12, 13 வரிசைகள் அப்போதும் வேலை செய்யாது; வேறொரு சிக்கலும் தலைதூக்கும். ஏன் 8 என்பதைப் பார்த்துவிட்டால் மற்றவை தெளிவாகும்.

முகவரியையும் மாஸ்க்கையும் பிட்டு பிட்டாக ஒப்பிட்டு, இரண்டிலும் 1 உள்ள இடத்தில் மட்டும் 1 வைத்தால் கிடைப்பதே வலையமைப்பு முகவரி. /22க்கு முதல் இரண்டு எண்கள் மாறுவதில்லை, நான்காம் எண் எப்போதும் 0 ஆகிவிடும்; ஆகவே மூன்றாம் எண்ணை மட்டும் பார்த்தால் போதும்.

```
 10 = 00001010        12 = 00001100
252 = 11111100       252 = 11111100
      --------             --------
  8 = 00001000        12 = 00001100
```

எனவே 192.168.10.1/22 என்ற உங்கள் ரூட்டர் 192.168.8.0 என்ற வலையமைப்பிலும், 192.168.12.20/22 என்ற கணினி 192.168.12.0 என்ற வலையமைப்பிலும் இருக்கின்றன. இரண்டும் ஒரே ஸ்விட்சில் செருகப்பட்டிருந்தாலும், முகவரிக் கணக்கில் அவை வேறு வேறு தெருக்கள். விண்டோஸ் எச்சரித்தது இதைத்தான். ரூட்டர் மறுக்காததற்குக் காரணம், 192.168.10.1 என்பது 8.0 வலையமைப்புக்குள் ஒரு கருவிக்குத் தகுந்த முகவரியாக இருப்பதுதான். அதன் பார்வையில் அங்கே தவறு எதுவுமில்லை. டிஎச்சிபி சேவையிடமோ நீங்கள் கருவி முகவரியை அல்ல, வலையமைப்பு முகவரியையே எழுதினீர்கள், 10.0 அந்த இடத்துக்குப் பொருந்தாததால் அது மறுத்தது. மறுத்தது நல்லதாயிற்று.

பிராட்காஸ்ட் முகவரிக்கு இதன் மறுபக்கம்: கடைசி 10 பிட்டுகளையும் 1 ஆக்க வேண்டும். மூன்றாம் எண்ணில் அவற்றில் இரண்டு பிட்டுகள் விழுகின்றன. 00001000 என்பது 00001011 ஆகி 11 வரும், நான்காம் எண் 255. ஆக உங்கள் /22 என்பது 192.168.8.0 முதல் 192.168.11.255 வரை. பிட்டுகளை எழுத விருப்பமில்லாதவர்கள் 256இலிருந்து 252ஐக் கழித்து 4 என எடுத்துக்கொண்டு, 0, 4, 8, 12 எனத் தாண்டிச் சென்று, தங்கள் எண் எந்த இரண்டுக்கு நடுவே விழுகிறது என்று பார்க்கலாம். நானும் அவசரத்தில் அப்படித்தான் செய்கிறேன்.

எட்டுத்துளை கூறிய 1016 சரியன்று. பயன்படுத்தக் கூடாதவை இந்த நீள்வரிசையின் இரு முனைகளான 8.0, 11.255 ஆகியவை மட்டுமே. 192.168.10.255, 192.168.11.0 போன்றவை இங்கே நடுவில் உள்ள சாதாரண முகவரிகள். கருவிகளுக்கு 1022 முகவரிகளும் உண்டு.

இனி என் கேள்விகள் இரண்டு. 192.168.8, 192.168.9 வரிசைகளை வளாகத்தில் வேறு யாரேனும் பயன்படுத்துகிறார்களா? உங்களுக்கு உண்மையில் எத்தனை முகவரிகள் வேண்டும்?

எட்டுத்துளை

விதிப்படி நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் 255 என முடியும் முகவரியைக் கொடுத்தால் ஏற்க மறுத்த பழைய பிரிண்டரை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

பழைய சுவிட்ச்

அப்படிப்பட்ட கருவிகள் இருக்கின்றன. அவற்றுக்காக ஆறு முகவரிகளை விட்டுவைப்பது முன்னெச்சரிக்கை. அதில் எனக்கு மறுப்பில்லை. கணக்கில் மட்டும் அதைச் சேர்க்க வேண்டாம்.

ஆய்வகப் பொறுப்பாளர்

192.168.9.0/24 நிர்வாகக் கட்டடத்தின் கண்காணிப்புக் கேமராக்களுக்கு ஒதுக்கப்பட்டது. அது வேறொரு ரூட்டருக்குப் பின்னால் உள்ளது. மாஸ்க்கை மாற்றியதிலிருந்து ஆய்வகக் கணினிகளில் கேமராப் பதிவுகள் திறக்கவில்லை என்ற புகார் வந்திருக்கிறது; அதைத் தனிச் சிக்கலாக எண்ணியிருந்தேன். 192.168.10.40இலிருந்து ஒரு கேமராவுக்குப் பிங் கொடுத்தால் வருவது இது:

```
Reply from 192.168.10.40: Destination host unreachable.
```

இப்போது கம்பி வழி இணைந்தவை ஏறத்தாழ 410 கருவிகள். மாணவர்களின் கைப்பேசிகளையும் சேர்த்தால் 700ஐத் தாண்டக்கூடும்.

சிறு கடை

எனக்கும் இதே சிக்கல்தான் என்று நினைக்கிறேன். எங்கள் இணைய நிறுவனம் ஒரு /29 கொடுத்து, உங்கள் முகவரி 203.0.113.90/29 என்று எழுதியிருந்தது (உண்மை முகவரியை மறைத்திருக்கிறேன்). எட்டு முகவரிகள் என்பதால் 90 முதல் 97 வரை எங்களுடையவை என்று கொண்டு, பில்லிங் சர்வருக்கு 96ஐக் கொடுத்தேன். வெளியிலிருந்து அதை எட்டவே முடியவில்லை. ஃபயர்வாலில் எந்தப் போர்ட்டைத் திறக்க வேண்டும்?

பழைய சுவிட்ச்

போர்ட்டைத் திறப்பதால் பயன் இல்லை. /29க்கு மாஸ்க்கின் கடைசி எண் 248; 256இலிருந்து கழித்தால் 8. எட்டு எட்டாகத் தாண்டினால் 88, அடுத்தது 96. ஆகவே 90 இருக்கும் தொகுதி 88 முதல் 95 வரை. முனைகள் இரண்டும் போக 89 முதல் 94 வரை ஆறு. அவற்றில் ஒன்று பெரும்பாலும் நிறுவனத்தின் கேட்வேக்குப் போய்விடும், எது என்பதை அவர்கள் கொடுத்த தாளில் பாருங்கள். 96 உங்களுடையதே அன்று, அது அடுத்த தொகுதியின் வலையமைப்பு முகவரி. அதைச் சர்வரிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள்.

ஆய்வகப் பொறுப்பாளருக்கு: அந்தப் பிங் பதிலில் கவனிக்க வேண்டியது, எட்ட முடியவில்லை என்று சொல்வது யார் என்பதே. 192.168.10.40, அதாவது உங்கள் கணினியே சொல்கிறது. மாஸ்க் /22 ஆனதால் 9 வரிசை தன் தெருவிலேயே இருப்பதாக அது நம்புகிறது. கேட்வேயிடம் கொடுக்காமல், இந்த முகவரிக்குரியவர் யார் என்று உள்ளூர் ஸ்விட்சில் கேட்கிறது. கேமராக்கள் அங்கே இல்லாததால் யாரும் பதில் சொல்வதில்லை. நான் அஞ்சியது, இரண்டு வலையமைப்புகளின் முகவரிகள் இப்படி ஒன்றன்மேல் ஒன்று படிவதைத்தான்.

410க்கு /22 தேவையில்லை. /23 என்றால் 9 பிட்டுகள், 512இல் இரண்டு போக 510. மாஸ்க்கின் மூன்றாம் எண் 254, தாண்டல் 2. 10 இரட்டை எண் என்பதால் 192.168.10.0/23 தன் எல்லையிலேயே சரியாகத் தொடங்கி 192.168.11.255 வரை செல்கிறது. கேமராக்களின் 9 வெளியே நிற்கிறது, பழைய கருவி எதற்கும் முகவரி மாற்ற வேண்டியதில்லை. எழுதும் முன் சரிபார்க்க ஒரு வழி:

```
python3 -c "import ipaddress; print(ipaddress.ip_network('192.168.10.0/23'))"
```

/23 என்று கொடுத்தால் அப்படியே திருப்பித் தரும். /22 என்று கொடுத்தால் `has host bits set` என்று மறுக்கும்.

நிலா வலை

கைப்பேசிகளை என்ன செய்வது? 192.168.12.0/22 எல்லையில் சரியாக அமைகிறது, 15.255 வரை 1022 இடங்கள். எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய்விட்டால் ஒரே முறையில் வேலை முடிந்துவிடுமே?

பழைய சுவிட்ச்

முடியும், ஆனால் முகவரியைக் கையால் இட்ட பிரிண்டர், சர்வர் ஒவ்வொன்றையும் தேடிப் போய் மாற்ற வேண்டும். கைப்பேசிகளை மட்டும் தனி விலானில் 12.0/22க்கு அனுப்புவதே என் விருப்பம். 700 கருவிகளின் பிராட்காஸ்ட் இரைச்சலை ஆய்வகக் கணினிகள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

நிலா வலை

விலான் வசதி உள்ள ஸ்விட்ச் அவர்களிடம் இருந்தால்தானே. இல்லாத கல்லூரியில் ஒரே /22தான் நடைமுறைக்கு ஏற்றது என்பது என் கருத்து. அந்த அளவு இரைச்சலை இன்றைய கருவிகள் எளிதில் தாங்கும்.

ஆய்வகப் பொறுப்பாளர்

ரூட்டரில் /23 என மாற்றினேன். டிஎச்சிபி சேவை தொடங்கிவிட்டது.

```
subnet 192.168.10.0 netmask 255.255.254.0 {
  range 192.168.10.50 192.168.11.250;
  option routers 192.168.10.1;
  option broadcast-address 192.168.11.255;
}
```

இந்த வரம்பில் 457 முகவரிகள் உள்ளன, 10.50க்குக் கீழுள்ளவற்றைச் சர்வர்களுக்கும் பிரிண்டர்களுக்கும் ஒதுக்கியிருக்கிறேன். கணினிகள் புதிய மாஸ்க்கைப் பெற்றதும் கேமராப் பதிவுகள் திறக்கின்றன. ஆனால் 11 வரிசைக் கணினிகளிலிருந்து 192.168.10.5 என்ற கோப்புச் சர்வரைத் திறக்க முயன்றால் இணைப்பு பாதியில் அறுந்துபோகிறது. 10 வரிசைக் கணினிகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

நிலா வலை

சர்வரில் `ip -4 addr show` கொடுத்துப் பாருங்கள். `192.168.10.5/24 brd 192.168.10.255` என்று இருந்தால் அதுதான் காரணம். 11 வரிசைக் கணினி சர்வரை உள்ளூர் என்று கருதி நேரடியாக அனுப்புகிறது. பழைய மாஸ்க்குடன் உள்ள சர்வரோ அந்தக் கணினியை வெளியூர் என்று கருதி, பதிலைக் கேட்வேயிடம் கொடுக்கிறது. உரையாடலின் ஒரு பாதியை மட்டுமே காணும் ஃபயர்வால் அதை ஐயத்துக்குரியதாகக் கருதிக் கைவிட்டுவிடும்.

ஆய்வகப் பொறுப்பாளர்

/24 என்றுதான் இருந்தது. /23 என மாற்றியதும் கோப்புகள் திறக்கின்றன. கையால் முகவரி இட்ட பிரிண்டர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன். எங்கள் ஸ்விட்சுகளில் இரண்டில் மட்டுமே விலான் வசதி இருக்கிறது. கைப்பேசிகளுக்கான வைஃபை கருவிகள் மற்றவற்றில் இணைந்திருக்கின்றன. அவற்றை இடம் மாற்ற முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் 12.0/22 பற்றி முடிவெடுக்க வேண்டும்.