சென்னை விமான நிலையத்துக்கு எப்போது கிளம்புவது, எங்கே காத்திருப்பது?

வணக்கம். வரும் வெள்ளி இரவு பெரியம்மா துபாயிலிருந்து சென்னை வருகிறார், வயது 71, வீல்சேருக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். காஞ்சிபுரத்திலிருந்து காரில் போய் அழைத்து வர வேண்டும்.

டிக்கெட்டில் வந்து சேரும் நேரம் அதிகாலை 2:30. பயணம் சுமார் நான்கு மணி நேரம் என்பதால், Flightradar24-இல் அங்கே விமானம் மேலே ஏறியதைப் பார்த்த பிறகு கிளம்பினாலே போதும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எங்களுக்கு ரோட்டில் இரண்டு மணி நேரம்தான். தரையிறங்கியதும் உடனே வெளியே வந்துவிட முடியாதே, குடியேற்றச் சோதனை, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிய வேண்டும். அதனால் 2:45-க்கு அங்கே இருந்தால் சரியாக இருக்குமா? வீல்சேரில் வருபவர்களைச் சீக்கிரம் அனுப்புவார்களா, இல்லை உதவியாளர் வரும்வரை விமானத்திலேயே காக்க வைப்பார்களா?

இன்னொன்று, பெரியம்மாவின் போன் இங்கே வேலை செய்யாது. அதனால் ஒரே இடத்தில் நிற்பது முக்கியம். வீல்சேர் உதவியாளர் பன்னாட்டு வருகை வாசலோடு விட்டுவிடுவாரா, கார் நிறுத்தம் வரை வருவாரா? சமீபத்தில் போனவர்கள் எந்தப் பக்கம் நின்றால் கண்ணில் படும் என்று சொல்லுங்கள், அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுவேன்.