ஆச்சி மடியில் இருந்த பெட்டி எந்தக் கடையுடையது?

நெல்லைக்காரி:
பொங்கலுக்குப் பரண் ஒதுக்கியபோது என் அக்கா மகள் கையில் ஒரு கறுப்பு வெள்ளைத் தீபாவளிப் படம் சிக்கியது. திண்ணையில் எங்கள் ஆச்சி, மடியில் மிட்டாய்ப் பெட்டி. மூடியில் கிளி, ‘விலை’ என்றொரு சொல், அடியில் ‘திருநெல்வேலி-6’. கடைப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆச்சியின் கட்டைவிரல்! ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு பெயர் தெரிந்தது. அதுதான் கடை என்று டவுனில் நாலு ரத வீதியும் அலைந்தாள். கடைசியில் பெட்டி விற்கும் பெரியவர் ஒருவர், “அது கடையில்லம்மா, சிவகாசி அச்சாபீஸ் பேரு” என்றார். ஒரு மாத அலைச்சல் போச்சு.

தபால்தலை பிரியர்:
பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. பெட்டியில் ஆறு இலக்கம் இல்லை, வெறும் 6தான். அப்படியானால் அதற்கு முந்திய படம்தான்.

பழைய கம்பாசிட்டர்:
அவசரப்படாதீர்கள். பின்கோடு வந்தபிறகும் ‘சென்னை-17’ என்று எழுதியவர்கள் எத்தனை பேர்! ‘விலை’யில் லை எப்படி இருக்கிறது? தும்பிக்கை போட்ட லையா?

நெல்லைக்காரி:
ஆமாம், தும்பிக்கைதான்.

பழைய கம்பாசிட்டர்:
அந்தத் தும்பிக்கையை எடுத்த எழுத்துச் சீர்திருத்த ஆணை 1978இல் வந்தது. ஆனால் ஆணை வந்த மறுநாளே ஈய எழுத்தை யார் தூக்கிப் போட்டார்கள்? இருந்த பிளாக் தேயும்வரை ஓட்டினோம். பெட்டியை வைத்து வருஷம் சொல்ல முடியாது. படத்தின் நெகட்டிவ் கிடைக்குமா பாருங்கள்.

கோவை அத்தை:
எங்கள் வீட்டு பிஸ்கட் டப்பாவில் நாற்பது வருஷமாக ஊசி நூல்தான். இப்போதும் யாராவது திறந்து ஏமாறுவார்கள்.

நெல்லைக்காரி:
நெகட்டிவ் கிடைத்தது! ஸ்டூடியோ உறையில் பெரிய சதுர ஃபிலிம். அக்கா மகள் போன் திரையை வெள்ளையாக்கி, மேலே ஒரு கண்ணாடித் துண்டு வைத்து, அதன்மேல் ஃபிலிமை வைத்தாள். கண்ணாடி இல்லாமல் வைத்தால் திரையின் புள்ளிகளும் சேர்ந்து விழுகின்றன. இன்னொரு போனில் படமெடுத்து நிறத்தைத் தலைகீழாக்கினாள். எழுத்து இடவலமாக வந்தது. ஃபிலிமைப் புரட்டிப் போட்டதும் சரியானது.

ஃபிலிமில் பக்கத்துப் படத்தில் அதே திண்ணை, மூடி கழற்றிக் கீழே கிடக்கிறது. விரல் இல்லை. பெயர் முழுசாகத் தெரிந்தது. கடை டவுனிலேயே இருந்ததுதான். இப்போது அங்கே பேரன் செல்போன் பழுது பார்க்கிறார். தொந்தரவு வேண்டாமென்று பெயரை இங்கே போடவில்லை.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “பெட்டி எங்களதுதான். ஆனா தாத்தா அல்வா தவிர வேற எதுவும் போட்டதில்லையே. உள்ளே இருக்கிறது அதிரசம் மாதிரில்லா இருக்கு?” என்றார்.

அதிரசம் ஆச்சி கைப்பக்குவம். ஒவ்வொரு தீபாவளிக்கும் வீட்டில்தான் சுடுவாள். அப்படியென்றால் அந்த அல்வாவை வாங்கி வந்தது யார், எப்போது? அக்காவுக்கும் தெரியவில்லை. அவள் மகள் மீதி ஃபிலிமைத் திரைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கோவை அத்தை:
நான் அப்போதே டப்பா கதை சொன்னேனா இல்லையா?