பேட்டியைக் கேள்வி-பதிலாக்கினேன்: வாக்கியமெல்லாம் அவருடையது, பேசுவது மட்டும் நானாக இருக்கிறது

கண்மாய்க்கரை

ஒரு சிற்றிதழுக்காகச் சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தில் நீர்க்கட்டி ஒருவரைப் பேட்டி எடுத்தேன். எழுபது வயது தாண்டியவர். மடை திறந்து, வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சி, அறுவடைக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று நெல் வாங்கிக்கொள்ளும் வேலையை அப்பாவிடமிருந்து எடுத்துச் செய்தவர். பதிவு 78 நிமிடம். முழுவதையும் எழுதியபோது 7,000 சொல்லைத் தாண்டியது. இதழில் எனக்குக் கிடைத்த இடம் 1,800 சொல்.

சுருக்கிவிட்டேன். உடன் வந்த நண்பன் படித்துவிட்டு, "இது அவர் பேசினது இல்லையே, நீ பேசினது" என்றான். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வாக்கியத்தைக்கூட நான் சொந்தமாகச் சேர்க்கவில்லை. உதாரணத்துக்கு என் கட்டுரையில் ஒரு பதில்:

> இந்த முறை ஏன் கெட்டது?
> அந்தக் காலத்தில் மடைக்குச் சண்டையே வராது. பொதுப்பணித் துறை எடுத்த பிறகுதான் நீர் மேலாண்மை கெட்டுப்போனது. இளைஞர்கள் எல்லாம் திருப்பூர் போய்விட்டார்கள். ஆழ்துளைக் கிணறு போட்டவனுக்குக் கண்மாய் எதற்கு?

எங்கே தப்பு என்று யாராவது சொல்லுங்கள். கட்டுரையைக் கொடுக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது.

ரேடியோகாது

பதிவில் காற்று இரைச்சல் இருந்ததா? கண்மாய்க் கரையில் எடுத்தால் கட்டாயம் இருக்கும். போன வருடம் என் தாத்தாவைப் பதிவு செய்தபோது பாதிப் பேச்சு கேட்கவே இல்லை, நானாக யூகித்து எழுதினேன். அடுத்த முறை சட்டையில் மாட்டும் மைக் வாங்குங்கள், அதன் மேல் பஞ்சு உறை போடுங்கள்.

கண்மாய்க்கரை

இல்லை, அவர் வீட்டுத் திண்ணையில் எடுத்தது. பேச்சு தெளிவாகவே கேட்கிறது. சிக்கல் எழுதியதில்தான்.

கையெழுத்துப்பிரதி

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? எழுதியதை அவரிடமே காட்டி "சரி" வாங்கிவிடுங்கள். அவர் ஒத்துக்கொண்டால் அது அவர் பேச்சுதான், வேறு யாரும் கேள்வி கேட்க முடியாது. நான் எடுத்த நாலு பேட்டியிலும் இப்படித்தான் செய்தேன், ஒரு புகாரும் வந்ததில்லை.

ஈயஎழுத்து

கையெழுத்துப்பிரதி சொல்வதில் பாதி சரி. திரும்பக் காட்டத்தான் வேண்டும். ஆனால் திண்ணையில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்த பெரியவர், வீடு தேடி வந்த தம்பி எதைப் படித்துக் காட்டினாலும் "நல்லாருக்கு தம்பி" என்றுதான் சொல்வார். அந்த "நல்லாருக்கு" மரியாதைக்குச் சொல்வது. அது எப்படிச் சம்மதமாகும்?

கண்மாய்க்கரை, அந்தப் பதிலில் இருக்கும் நான்கு வாக்கியங்களும் பதிவில் எந்த நிமிடத்தில் வருகின்றன, அவற்றுக்கு முன்னால் நீங்கள் கேட்டது என்ன, இரண்டையும் போடுங்கள். சரிசெய்த வடிவம் வேண்டாம், வாயில் வந்தது வந்தபடி.

கண்மாய்க்கரை

போடுகிறேன் அக்கா.

14ஆம் நிமிடம். சின்ன வயசு ஞாபகம் பற்றிக் கேட்டேன். அவர்: "அப்பல்லாம் மடைக்குச் சண்டையே வராதும்பாக எங்க ஐயா. நான் பாத்தவரைக்கும் வந்துருக்கு."

31ஆம் நிமிடம். நான்: "பொதுப்பணித் துறை எடுத்ததுக்கு அப்புறந்தானே ஐயா இந்த முறை கெட்டுப்போச்சு?" அவர்: "ம்... ஆமா. அதுவுந்தான்." கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஆளு இல்லையே தம்பி. எளவட்டமெல்லாம் திருப்பூரு போயிருச்சு. கரைய நடந்து பாக்க யாரு இருக்கா?"

58ஆம் நிமிடம். நெல் அளப்பது பற்றிக் கேட்டேன். அவர்: "போரு போட்டவனுக்குக் கம்மா எதுக்கு? அவன் கூட்டத்துக்கு வரமாட்டான். வரலேன்னா நெல்லு தரமாட்டான். நெல்லு இல்லேன்னா நான் எதுக்கு மடைக்குப் போறேன்?"

தட்டி முடிக்கும்போதே எனக்குக் கொஞ்சம் உறைக்கிறது.

ஈயஎழுத்து

உறைக்கட்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்த "-ம்பாக". சண்டையே வராது என்று சொன்னது அவருடைய அப்பா. இவர் அதைக் கேட்டுச் சொல்கிறார், அடுத்த மூச்சிலேயே மறுக்கவும் செய்கிறார். நீங்கள் "-ம்பாக"வை வெட்டினீர்கள், மறுப்பையும் வெட்டினீர்கள். அப்பாவின் பெருமை மகனின் சாட்சியம் ஆகிவிட்டது, அதுவும் அவரே நம்பாத சாட்சியம். பேச்சைச் சுருக்கும்போது தமிழில் முதலில் உதிர்வது இந்த வால்கள்தான்: -ஆம், -ம்பாக, -ன்னு சொல்லுவாங்க, போல, -ஓ என்னவோ. வேகமாகத் திருத்தும் கைக்கு அவை இழுவையாகத் தெரியும். ஆனால் யார் சொன்னது, எவ்வளவு உறுதி என்பதெல்லாம் அந்த வாலில்தான் இருக்கும்.

அடுத்தது "அதுவுந்தான்". "அதுதான்" என்றிருந்தால் நீங்கள் எழுதியது கிட்டத்தட்டச் சரி. "அதுவும்தான்" என்றால் அது பலவற்றில் ஒன்று, அதுவும் நீங்கள் எடுத்துக் கொடுத்தது. நீங்கள் ஒரு பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டீர்கள். அவர் மறுத்துப் பேசவில்லை, நகர்ந்து போய்த் தன் காரணத்தைச் சொன்னார். கட்டுரையிலோ உங்கள் வாக்கியத்தை அவர் வாயில் வைத்துவிட்டு, கேள்வியை "ஏன் கெட்டது?" என்று அப்பாவியாக மாற்றிவிட்டீர்கள். உங்கள் நண்பன் சொன்னது இதைத்தான். பேட்டியைத் திருத்துகிறவர்கள் பதிலுக்குக் காட்டும் பயபக்தியைக் கேள்விக்குக் காட்டுவதில்லை. கேள்வி நம்முடையதுதானே, எப்படி வேண்டுமானாலும் அழகாக்கலாம் என்ற நினைப்பு. கேள்வி மாறினால் ஒரு எழுத்துகூட மாறாத பதிலும் வேறு பதிலாகிவிடும். தூண்டிக் கேட்டிருந்தால் தூண்டிய கேள்வியாகவே அச்சாகட்டும், நமக்கு வெட்கமாக இருந்தாலும்.

மூன்றாவது ஒட்டு வேலை. 14, 31, 58 மூன்றும் ஒரே மூச்சில் வந்ததுபோல் நிற்கின்றன. 58இல் அவர் சொல்வது ஒரு சங்கிலி: போர், கூட்டம், நெல், மடை. அதன் முதல் கண்ணியை மட்டும் பிய்த்து வேறு சங்கிலியின் வாலில் மாட்டியிருக்கிறீர்கள். பேட்டியில் இடம் மாற்றுவது தப்பில்லை, எல்லாரும் செய்வதுதான். ஆனால் பதிலை அதன் கேள்வியோடு சேர்த்துத் தூக்கி வையுங்கள். இரண்டு இடத்துப் பேச்சை நடுவில் கேள்வி இல்லாமல் ஒரே பத்தியாக்க வேண்டாம். நான் வேலைப் பிரதியில் ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் நிமிடம் எழுதி வைப்பேன். ஒரு பத்திக்கு இரண்டு எண் விழுந்தால் அங்கே திரும்பப் பார்ப்பேன்.

நானாக இருந்தால் இப்படி வைப்பேன்:

> பொதுப்பணித் துறை எடுத்த பிறகுதானே இந்த முறை கெட்டுப்போனது?
> ஆமாம், அதுவும்தான். (சிறிது நேரம் பேசவில்லை.) ஆள் இல்லையே தம்பி. இளவட்டமெல்லாம் திருப்பூர் போய்விட்டது. கரையை நடந்து பார்க்க யார் இருக்கிறார்கள்?
> நெல் அளப்பது எப்போது நின்றது?
> போர் போட்டவனுக்குக் கம்மாய் எதற்கு? அவன் கூட்டத்துக்கு வரமாட்டான். வராவிட்டால் நெல் தரமாட்டான். நெல் இல்லையென்றால் நான் எதற்கு மடைக்குப் போகிறேன்?

"ஆள் இல்லையே" என்பதற்கு முன்னால் ஒரு "ஆனால்" போடக் கை துடிக்கும். போடாதீர்கள், அவர் போடவில்லை. "யோசிக்கிறார்" என்றும் எழுதாதீர்கள். அவர் யோசித்தாரா, வெற்றிலை மென்றாரா, நமக்குத் தெரியாது. நெல் கேள்வியின் வாசகம் என் யூகம், நீங்கள் கேட்டதை வைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். 14ஆம் நிமிடத்துப் பேச்சு கட்டுரையின் தொடக்கத்தில் அப்பாவோடு சேர்ந்து இருக்கட்டும். இடம் போதாவிட்டால் முழுதாக வெட்டிவிடுங்கள். முழுதாக வெட்டுவதில் ஆபத்து குறைவு, பாதி வெட்டுவதில்தான் பொய் வரும்.

வட்டாரவழக்கு

இத்தனை பேசிவிட்டு "போயிருச்சு"வை "போய்விட்டது" ஆக்கிவிட்டீர்களே! நான் மொழியியல் மாணவன். பேச்சை எழுத்துத் தமிழாக மாற்றுவதே முதல் திரிபு. "-ம்பாக", "கம்மா", "எளவட்டம்" எல்லாம் அப்படியே அச்சாக வேண்டும். சொல்லில் கை வைத்தாலே அது மேற்கோள் இல்லை.

ஈயஎழுத்து

ஆய்வுக்கான பிரதி என்றால் நீங்கள் சொல்வதுதான், "ம்"கூட விடக்கூடாது. இது இதழில் படிக்கப் போகிற பேட்டி. நாலு பக்கம் வழக்கில் ஓடினால் கடலூர்க்காரர் இரண்டாம் பக்கத்தில் மூடிவைப்பார். இன்னொன்றும் உண்டு. கேட்டவரின் கேள்வி மட்டும் நல்ல தமிழில் இருந்து, பதில் மட்டும் வழக்கில் இருந்தால், படித்தவன் பட்டிக்காட்டானைப் பேட்டி எடுத்ததுபோல் ஆகும். கண்மாய்க்கரையும் அங்கே "கெட்டுப்போச்சு" என்றுதானே பேசினார்?

சொல் மாறினாலே பொய் என்பதையும் நான் ஏற்கவில்லை. நியூயார்க்கர் இதழில் ஜேனட் மால்கம் எழுதிய கட்டுரையில் தான் சொல்லாதது மேற்கோளாக வந்திருக்கிறது என்று ஜெஃப்ரி மேஸன் வழக்குப் போட்டு, அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. சொல்லை மாற்றியதை மட்டும் வைத்துப் பொய் என்று தீர்மானிக்க முடியாது, மாற்றத்தால் பொருள் பெரிதாக மாறியதா என்று பார்க்க வேண்டும் என்றுதான் 1991இல் தீர்ப்பு வந்தது.

அதனால் நான் வினைமுடிவை மாற்றுவேன், பெயர்ச்சொல்லை மாற்றமாட்டேன். "கம்மாய்" இருக்கட்டும், "போர்" இருக்கட்டும். அந்த "நீர் மேலாண்மை" உடனே போக வேண்டும். அது கருத்தரங்குச் சொல், அவர் வாயில் வந்திருக்கவே முடியாது.

வட்டாரவழக்கு

"நீர் மேலாண்மை" விஷயத்தில் உடன்படுகிறேன். மற்றதில் இல்லை. கேள்வியையும் வழக்கிலேயே போடுங்கள், அப்போது ஏற்றத்தாழ்வு வராது.

கண்மாய்க்கரை

நாலு நாள் கழித்து வருகிறேன். எல்லாப் பத்திக்கும் நிமிடம் எழுதினேன். பதினெட்டில் ஆறு பத்திக்கு இரண்டு எண்கள் விழுந்தன. ஓரிடத்தில் அவர் "நாங்க கூடிப் பேசுவோம்" என்றதை "நாம் கூடிப் பேசுவோம்" என்று எழுதியிருந்தேன். அவர் சொன்னது நீர்க்கட்டிக் குடும்பங்களை மட்டும். நான் ஊரையே சேர்த்துவிட்டேன்.

அப்புறம் தொலைபேசியில் கூப்பிட்டேன். "சரியா ஐயா?" என்று கேட்காமல், "கண்மாய் கெட்டதுக்குப் பொதுப்பணித் துறை ஒரு காரணம்னு நீங்க சொன்னதா எழுதியிருக்கேன்" என்றேன். உடனே குரல் மாறியது. "நான் அவுகளக் குத்தஞ் சொல்லல தம்பி. ஷட்டரு போட்டாக, நல்லாத்தான் இருக்கு. சாவி யாருகிட்ட இருக்குன்னுதான் கேக்குறேன்." 78 நிமிடத்தில் வராத விஷயம் இது! அது நூறு ஏக்கருக்கு மேல் பாய்கிற கண்மாய், அதனால் ஊராட்சி ஒன்றியத்திடம் போகாமல் பொதுப்பணித் துறையிடம் போனது.

இப்போது இரண்டு சந்தேகம். சாவிப் பேச்சைப் பேட்டிக்குள் சேர்க்கலாமா? இன்னொன்று, போர் போட்டவன் பற்றிய பதிலை எடுத்துவிடச் சொல்கிறார். "அவன் என் மச்சான் மகன், படிச்சா மனசு சங்கடப்படுவான்" என்கிறார்.

கையெழுத்துப்பிரதி

எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். அவர் பேச்சு, அவர் உரிமை.

ஈயஎழுத்து

சாவியைச் சேருங்கள், ஆனால் 31ஆம் நிமிடத்துக்குள் நுழைக்காமல் தனிக் கேள்வியாக. "பிறகு தொலைபேசியில் பேசியபோது" என்று ஒரு வரி போட்டால் போதும். "அதுவும்தான்" அப்படியே நிற்கட்டும். அன்றைக்குச் சொன்னதும் பிறகு விளக்கியதும் இரண்டும் தெரியும்.

மச்சான் மகன் விஷயம் எனக்கும் சிக்கலாகத்தான் இருக்கிறது. எடுத்தால் அவர் சொன்ன காரணங்களில் கனமானது போய்விடும், மிச்சம் நிற்பது துறையும் திருப்பூரும். முதல் வரைவில் இருந்த அதே சாய்வு வேறு வழியாக வந்துவிடும். வைத்தால் அவர் வீட்டு விசேஷத்தில் நாளைக்கு ஒரு நாற்காலி காலியாக இருக்கும். "அவன்" என்பதை "போர் போட்டவர்கள்" என்று பன்மையாக்க அவர் சம்மதிப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். அதுவும் மாற்றம்தான், அதனால் அவர் வாயாலேயே அது வரட்டும்.

கண்மாய்க்கரை

ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போகிறேன். தொலைபேசியில் இதைக் கேட்க வாய் வரவில்லை.